நாற்பது பம்புகளின் பயணம்: இ.ஆர்.பி.க்குள் ஒரு விற்பனை

வாசகர் கடிதம்

"கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். படித்தவள். இதுவரை டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் வேலை. வரும் ஏப்ரல் முதல் நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளுக்குமான எஸ்.ஏ.பி. என்ற இ.ஆர்.பி. மென்பொருள் வருகிறது, கணக்குப் பிரிவின் சார்பில் முதலில் கற்று, சோதித்து, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் கீ யூசராக என்னைப் போட்டிருக்கிறார்கள். பயிற்சியில் எஸ்.டி., எம்.எம்., பி.பி., எஃப்.ஐ. என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள். ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்கிறது என்பது பிடிபடவில்லை. எனக்குக் கணக்குதான் தெரியும், எஃப்.ஐ. மட்டும் படித்தால் போதாதா? ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனி சாஃப்ட்வேர், இரவில் எல்லாம் ஒன்று சேர்ந்துகொள்ளும் என்கிறார் உடன் வேலை செய்பவர். இதற்கிடையில் ஐட்டம், டீலர் விவரங்கள் எல்லாம் சரி என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: காஸ்ட் அக்கவுண்டன்ட், இ.ஆர்.பி. செயலாக்க ஆலோசகர்

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு விற்பனை அந்த அமைப்புக்குள் எப்படி நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் அதற்கு நான் சொல்லும் பதிலின் காரணம் உங்களுக்கு விளங்கும். அதற்குள் யாராவது தாளை நீட்டினால், பத்து நாள் அவகாசம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

உங்கள் சக ஊழியர் சொன்னதில் ஒரு பாதி தவறு, ஒரு பாதி எங்கோ கேட்டதை மாற்றிப் புரிந்துகொண்டது. மாட்யூல்கள் தனித்தனி சாஃப்ட்வேர்கள் அல்ல. விற்பனைக்கு எஸ்.டி., கொள்முதலுக்கும் ஸ்டோர்ஸுக்கும் எம்.எம்., உற்பத்திக்கு பி.பி., நிதிக் கணக்குக்கு எஃப்.ஐ., இவற்றோடு தரச் சோதனை, அடக்கவிலைக் கணக்கு என்று பிரித்துச் சொல்வதெல்லாம் ஒரே தரவுத்தளத்தின் மேல் வெவ்வேறு பிரிவினருக்காகத் திறந்துவைத்த கதவுகள்தான். ஸ்டோர்ஸில் ஒருவர் நாற்பது பம்புகளை வெளியே அனுப்பியதாகச் சேமித்த அதே நொடியில் உங்கள் லெட்ஜரிலும் பதிவு விழுந்துவிடும். இரவு வரை அது காத்திருப்பதில்லை. இரவில் பல நிறுவனங்களில் ஓடுவது வேறொன்று. என்ன பொருள், எவ்வளவு, எந்தத் தேதிக்குத் தேவைப்படும் என்று கணக்கிடும் திட்டமிடல் ஓட்டம் அது. எம்.ஆர்.பி. என்று பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். அதைத்தான் அவர் எல்லா மாட்யூலுக்கும் பொருத்திவிட்டார்.

சம்பளம், ஆள் வருகை ஆகியவற்றுக்கான மாட்யூலும் இயந்திரப் பராமரிப்பு மாட்யூலும் உண்டு. நாம் பார்க்கப்போகும் விற்பனை அவற்றின் வழியே நேராகப் போவதில்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி ஒரு விற்பனையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் நிறுவனத்து எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை டீலர் ஒருவர் மார்ச் 18 அன்று ஒரு எச்.பி. மோனோபிளாக் பம்பு நாற்பது கேட்கிறார். ஒன்றின் விலை 5,000 ரூபாய், மொத்தம் 2,00,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 36,000 ரூபாய், சேர்த்தால் 2,36,000. உங்கள் அமைப்பில் பதிந்திருக்கும் அடக்கவிலை பம்பு ஒன்றுக்கு 3,600. மார்ச் 31-க்குள் நாற்பதும் ஒரே லோடாகக் கிளம்பிவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

ஆர்டர் கணக்கில் ஏறாது

விற்பனைப் பிரிவில் ஒருவர் VA01 என்ற திரையில் ஆர்டரைப் பதிகிறார். டேலியில் பழகியவர்கள் இங்கேயே ஒரு தவறான எதிர்பார்ப்பு வைத்துக்கொள்கிறார்கள்: ஆர்டர் போட்டாயிற்று, ஆகவே டீலர் கணக்கில் எங்கோ ஒரு டெபிட் விழுந்திருக்கும் என்று தேடுகிறார்கள். விழாது. ஆர்டர் என்பது ஒப்புக்கொண்ட வாக்கு மட்டுமே. பொருளும் கை மாறவில்லை, கடனும் உருவாகவில்லை. அதனால் லெட்ஜரில் ஒரு வரிகூட இராது.

ஆனால் அது சும்மா கிடப்பதும் இல்லை. சேமிக்கும்போதே இரண்டு இடங்களைத் தட்டிப் பார்க்கிறது. முதலாவது உங்கள் பக்கத்துக் கதவு: டீலரின் கடன் வரம்பு. அவருக்கு ஐந்து லட்சம் வரம்பு என்றும், பழைய பாக்கி 3,10,000 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த ஆர்டரின் 2,36,000 சேர்ந்தால் 5,46,000 ஆகிறது. ஆர்டர் சேமிக்கப்படும், ஆனால் டெலிவரி எடுக்க முடியாதபடி தடுத்து நிறுத்தப்படும். விற்பனைப் பிரிவினர் உங்களிடம் ஓடிவருவது இதற்காகத்தான். டீலர் ஒரு லட்சம் அனுப்பி, நீங்கள் அந்த வரவைப் பதிந்தால் பாக்கி 2,10,000 ஆகக் குறைகிறது. ஆர்டரையும் சேர்த்து 4,46,000, வரம்புக்குள் வந்துவிடுகிறது. பிறகு கடனுக்குப் பொறுப்பானவர் தடையை விடுவிக்கலாம். வந்த பணத்தை நீங்கள் இரண்டு நாள் பதியாமல் வைத்திருந்தால் லோடும் இரண்டு நாள் நிற்கும் என்பதைக் கவனியுங்கள். எஃப்.ஐ. மட்டும் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது.

இரண்டாவது சோதனை ஸ்டாக். ரேக்கில் 31 பம்புகள் இருக்கின்றன. ஆனால் அதில் ஆறு திருநெல்வேலி டீலருக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை. ஆகவே மதுரைக்குக் கொடுக்கக்கூடியது 25 என்று திரை சொல்லும். ஸ்டோர்ஸ்காரர் கண்ணால் எண்ணினால் 31 வரும், அமைப்பு 25 என்று சொல்லும். இரண்டும் சரிதான், முதலாவது கையிருப்பு, இரண்டாவது இனி வாக்குக் கொடுக்கக்கூடிய இருப்பு. புதிதாக வருபவர்கள் இந்த வேறுபாட்டை அமைப்பின் பிழை என்று எடுத்துக்கொண்டு தனியாக எக்ஸெல் வைத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். அந்த எக்ஸெல் ஒருமுறை முளைத்துவிட்டால் பிறகு அதைப் பிடுங்குவது கடினம்.

குறையும் பதினைந்து

மீதிப் பதினைந்து பம்புகள் எங்கிருந்து வரும் என்பது உற்பத்தி மாட்யூலின் வேலை. அன்று இரவு ஓடும் எம்.ஆர்.பி., பம்பு ஒன்றுக்கு என்னென்ன வேண்டும் என்ற பொருள் பட்டியலை எடுத்துப் பதினைந்தால் பெருக்குகிறது. பம்புக்கு இரண்டு பேரிங் என்றால் முப்பது. வைண்டிங் செப்புக் கம்பி 1.2 கிலோ என்றால் 18 கிலோ. பேரிங் ஸ்டாக்கில் இருக்கிறது. கம்பி 10 கிலோதான் இருக்கிறது. குறைவது 8 கிலோ. ஆனால் 25 கிலோவுக்குக் குறைவாக வாங்குவதில்லை என்று அந்த ஐட்டத்தின் விவரப் பதிவில் இருந்தால், 25 கிலோவுக்குக் கொள்முதல் கோரிக்கையும், பதினைந்து பம்புகளுக்கு உற்பத்தி முன்மொழிவும் காலையில் தயாராக இருக்கும். MD04 என்ற திரையில் பம்பின் ஐட்டம் எண்ணைக் கொடுத்தால் இருப்பு, மதுரை ஆர்டர், திருநெல்வேலி ஆர்டர், வரவிருக்கும் உற்பத்தி ஆகியவை தேதி வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம். நீங்கள் கணக்குப் பிரிவாக இருந்தாலும், பார்வையிட மட்டும் இந்தத் திரைக்கு அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இ.ஆர்.பி. என்ற பெயர் 1990-களில் வந்ததுதான். அதற்கு முன் 1960-களிலேயே இந்தப் பொருள் தேவைக் கணக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கணினிகளுக்கு வந்துவிட்டது. பெருக்கிக் கழிக்கும் இந்த வேலையைச் சுற்றித்தான் கொள்முதலும் விற்பனையும் கணக்கும் பிறகு சேர்ந்தன. இயந்திரம் செய்வது பெருக்கலும் கழித்தலும்தான் என்பதால், பட்டியலில் தவறு இருந்தால் அது தவறையும் சிரத்தையாகப் பெருக்கும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில், கம்பியின் அளவைக் கிராமில் நினைத்துக்கொண்டு 1,200 என்று ஒருவர் பதிந்தார். அலகு மட்டும் கிலோவாகவே இருந்துவிட்டது. அன்று திட்டத்தில் இருந்த பதினைந்து பம்புகளுக்கு 18,000 கிலோ செப்புக் கம்பி வாங்கும் கோரிக்கை மறுநாள் காலை கொள்முதல் அலுவலர் மேசையில் இருந்தது. அவர் அனுபவசாலி என்பதால் சிரித்துவிட்டு நிறுத்தினார். பத்து மடங்குப் பிழையாக இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கம்பி வருகிறது. கொள்முதல் ஆர்டர் 25 கிலோ. எடை போட்டபோது 24.6 கிலோதான். ஸ்டோர்ஸ் 24.6 என்று வரவு வைக்கிறது. அந்த நொடியிலேயே ஸ்டாக் கணக்கு டெபிட் ஆகிறது. கிரெடிட் எங்கே? சப்ளையர் பில் இன்னும் வராததால் அவர் கணக்கில் போட முடியாது. ஆகவே நடுவில் ஒரு கணக்கு அதைத் தாங்கிக்கொள்கிறது, ஜி.ஆர்./ஐ.ஆர். என்று அழைப்பார்கள். சரக்கு வந்துவிட்டது, பில் வரவில்லை என்பதற்கான இடைக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சப்ளையர் 25 கிலோவுக்குப் பில் அனுப்பும்போது, ஆர்டர், வரவு, பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமைப்பு ஒப்பிடும். 0.4 கிலோ வித்தியாசம் நீங்கள் வைத்திருக்கும் சகிப்பு எல்லையைத் தாண்டினால் அந்தப் பில்லுக்குப் பணம் போகாமல் நிற்கும். பில் வரும்வரை கொள்முதலையே பதியாமல் வைத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மாத முடிவில் இந்த இடைக்கணக்கின் நிலுவையை வரி வரியாகப் பார்ப்பது உங்கள் புதிய வேலைகளில் ஒன்றாகும்.

பிறகு உற்பத்தி ஆணைக்குக் கம்பியும் பேரிங்கும் வழங்கப்படுகின்றன, வைண்டிங் நடக்கிறது, பதினைந்து பம்புகள் முடிந்து வருகின்றன. 15 பெருக்கல் 3,600, ஆக 54,000 ரூபாய் மதிப்பில் அவை முடிந்த சரக்காக ஏறும். 18 கிலோ கம்பிக்குப் பதில் 19.5 கிலோ போயிருந்தால் அந்தக் கூடுதல் ஒன்றரைக் கிலோவின் விலை பம்பின் மதிப்பில் ஏறாமல், அந்த உற்பத்தி ஆணையின் மீது வித்தியாசமாக நிற்கும். அடக்கவிலை மாட்யூல் பார்ப்பது அதைத்தான். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு நஷ்டம் தெரிவதற்குப் பதில், எந்த ஆணையில், எந்தப் பொருளில் போனது என்று கேட்க வழி கிடைக்கிறது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. முடிந்த பம்புகள் டெஸ்ட் பெஞ்சில் ஏறி, நீர் அளவும் அழுத்தமும் மின்சார இழுப்பும் சரிபார்க்கப்படும்வரை தரச் சோதனை இருப்பில்தான் இருக்கும். பொருள் கண்ணெதிரே தரையில் அடுக்கியிருக்கும். டெலிவரிக்கு எடுக்கப்போனால் இருப்பு இல்லை என்று திரை மறுக்கும். சோதனைக்காரர் முடிவைப் பதிந்தால்தான் பூட்டுத் திறக்கும். மாதக் கடைசி மாலைகளில் ஸ்டோர்ஸில் எழும் சத்தத்தில் பாதி இதனால்தான் என்பது என் அனுபவம்.

சரக்கு இறங்கும் நொடியும் பில்லும்

உங்கள் வேலைக்கு மிக முக்கியமான இடம் இது. ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

டேலியில் பில் போட்டால் போதும். விற்பனையும் ஸ்டாக் குறைவும் ஒரே வவுச்சரில் நடந்துவிடும். ஸ்டாக் இல்லாவிட்டாலும் பில் போட முடியும், இருப்பு மைனஸில் போகும், பிறகு சரிசெய்துகொள்வீர்கள். எஸ்.ஏ.பி.யில் ஒரு பொருளின் விற்பனை வழக்கமாக இரண்டு தனித்தனிப் பதிவுகளாகப் பிரிகிறது. முதலில் VL01N திரையில் டெலிவரி ஆவணம் உருவாகும். லோடு ஏறிய பிறகு அதே ஆவணத்தில் சரக்கு வெளியேற்றம் பதியப்படும். அப்போது நாற்பது பம்புகளின் அடக்கவிலையான 1,44,000 ரூபாய், விற்ற சரக்கின் செலவில் டெபிட் ஆகி, முடிந்த சரக்கு இருப்பில் கிரெடிட் ஆகும். விற்பனை விலை, வரி, டீலர் பெயர் எதுவும் இந்தப் பதிவில் இல்லை.

அதன் பிறகுதான் VF01 திரையில் பில். டீலர் கணக்கு 2,36,000 டெபிட். விற்பனை 2,00,000, சி.ஜி.எஸ்.டி. 18,000, எஸ்.ஜி.எஸ்.டி. 18,000 கிரெடிட். இரண்டு பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் 56,000 ரூபாய் மொத்த லாபம் தெரியும். சரக்கு வெளியேற்றம் பதியாத டெலிவரிக்குப் பில் திரை வழக்கமாகத் திறக்காது. பில்லை முன்னால் அடித்துவிட்டு லாரியை மெதுவாக ஏற்றும் பழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், முதல் மாதத்தில் ஸ்டோர்ஸ்காரர்மீது ஒரு நெருக்கடி வரும்: லோடு ஏறும் முன்பே வெளியேற்றத்தைப் பதிந்துவிடு, பில் வேண்டும் என்பார்கள். அவர் பதிந்த பிறகு இரண்டு பம்புகளில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று 38 மட்டும் ஏற்றினால், கணக்கில் நாற்பதும் போய்விட்டன, ரேக்கில் இரண்டு நிற்கின்றன. இந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

இப்போது தேதியைப் பாருங்கள். மார்ச் 31 இரவு ஏழு மணிக்கு லோடு ஏறுகிறது, வெளியேற்றம் பதியப்படுகிறது. பில் போடுபவர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 1 காலையில் பில் போடுகிறார். மார்ச்சில் 1,44,000 ரூபாய் செலவு விழுந்துவிட்டது, அதற்கு ஈடான விற்பனை இல்லை. ஏப்ரலில் 2,00,000 ரூபாய் விற்பனை, செலவே இல்லாமல். ஒரு நிதியாண்டின் லாபம் குறைந்து அடுத்த ஆண்டின் லாபம் கூடுகிறது. ஸ்டாக்கை எண்ணிப் பார்த்தாலும் இது தெரியாது, ஏனென்றால் ஸ்டாக் சரியாகவே இருக்கும். தெரியும் இடம் ஒன்றுதான்: டெலிவரி ஆகி, பில் ஆகாதவற்றின் பட்டியல். VF04 திரை அதைக் காட்டும். ஒவ்வொரு நாளும் கேட் மூடுவதற்கு முன் அந்தப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதை உங்கள் பொறுப்பாக நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இது லாபக் கணக்கு மட்டும் சார்ந்த விஷயமும் அல்ல. பொருள் நகரும் விற்பனையில், சரக்கு கிளம்பும்போதோ அதற்கு முன்போ வரி இன்வாய்ஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஆண்டு வருவாய் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து எண்ணும் கியூ.ஆர். குறியீடும் பெற வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கானாலும் ஒரு லட்சத்தைத் தாண்டினால் சரக்கை எடுத்துச் செல்வதற்கான இ-வே பில் வேண்டும், நம்முடையது 2,36,000. ஆகவே வெளியேற்றம், பில், இ-இன்வாய்ஸ், இ-வே பில் நான்கும் லாரி கேட்டைத் தாண்டும் முன் அடுத்தடுத்து முடிய வேண்டியவை. அமைப்பு இவற்றை நான்கு பதிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதால் இடையில் ஓர் இரவு தங்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பில்லில் தவறு வந்துவிட்டால் திருத்தும் வழியும் மாறுகிறது. வவுச்சரைத் திறந்து எண்ணை மாற்றி மூடிவிடும் வசதி இங்கே இராது. தவறான பில்லை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு ஒன்று, பிறகு புதிய பில் ஒன்று. இ-இன்வாய்ஸ் தளத்திலும் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அது தாண்டினால் பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் வழி. இதை எஸ்.ஏ.பி.யின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டேலியில் இருந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

பணம் குறைந்து வந்தால்

ஏப்ரல் கடைசியில் டீலரிடமிருந்து 2,30,100 ரூபாய் வருகிறது. 5,900 குறைவு. விசாரித்தால், ஒரு பம்பில் சத்தம் வருகிறது, திருப்பி அனுப்பிவிட்டேன், அதன் விலை 5,000-மும் வரி 900-மும் கழித்துக்கொண்டேன் என்கிறார். கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சுலபமான வழி ஒன்று கையிலேயே இருக்கிறது: 5,900-ஐத் தள்ளுபடியில் எழுதி டீலர் கணக்கை நேர் செய்துவிடுவது. டீலர் கணக்கு அழகாகப் பூஜ்யம் ஆகும். ஆனால் திரும்பி வந்த பம்பு ஸ்டாக்கில் ஏறாது, 3,600 ரூபாய்ச் செலவு அப்படியே நிற்கும், கட்டிய வரி 900-ம் திரும்பாது. ஸ்டோர்ஸ் மூலையில் யாருடையது என்று தெரியாத ஒரு பம்பு ஆண்டுக் கணக்கில் தூசி படியும்.

சரியான வழி, விற்பனை வந்த பாதையிலேயே திரும்பிப் போவது. விற்பனைப் பிரிவு மூலப் பில்லைச் சுட்டி ஒரு திரும்புதல் ஆர்டர் போடும். ஸ்டோர்ஸ் பம்பைத் தரச் சோதனை இருப்பில் வரவு வைக்கும். சோதனைக்காரர் அது பழுதா, சரிசெய்து விற்கலாமா என்று முடிவு சொல்வார். பிறகு 5,900-க்குக் கிரெடிட் நோட். அதற்குப் பிறகு, ஏற்கெனவே வந்த 2,30,100, பில் 2,36,000, கிரெடிட் நோட் 5,900 மூன்றையும் ஒன்றோடொன்று கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டினால்தான் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். ஆகவே இந்தச் சிறு தொகைகளை ஆண்டுக் கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள்.

எந்த நிலையில் இருந்தாலும், டீலர் ஆர்டர் எண்ணைத் திறந்து ஆவண ஓட்டம் என்ற பொத்தானை அழுத்தினால் ஆர்டர், டெலிவரி, வெளியேற்றம், பில், கணக்குப் பதிவு ஆகியவை ஒரு மரத்தின் கிளைகள்போல் கீழே கீழே தெரியும். பயிற்சியில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் சோதனைச் சூழலில் ஒரே ஒரு பம்பை நீங்களே ஆர்டர் முதல் பணம் வரை கொண்டுபோய், ஒவ்வொரு படியிலும் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்தப் படியில் கணக்குப் பதிவு பிறக்கிறது, எதில் பிறக்கவில்லை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எழுத்து எழுத்தாகச் சொன்ன பயிற்சியைவிட அது உங்களுக்கு உதவும்.

எதைப் படிப்பது, எதில் கையெழுத்திடுவது

எஃப்.ஐ. உங்கள் அடிப்படையாகவே இருக்கட்டும். அதில் உங்கள் பி.காம். படிப்பும் ஒன்பது ஆண்டு அனுபவமும் அப்படியே பயன்படும். ஆனால் நாம் பார்த்த விற்பனையில் நீங்களாகக் கையால் போட்ட பதிவு டீலரின் பண வரவு மட்டும்தான். மற்றவற்றை ஸ்டோர்ஸும் உற்பத்தியும் பில் பிரிவும் தங்கள் வேலையைச் செய்யும்போது அமைப்பே போட்டுவிட்டது. கணக்கு தவறினால் தவறின் வேர் பெரும்பாலும் அவர்கள் திரையில் இருக்கும்; பதில் சொல்ல அழைக்கப்படுபவர் நீங்கள். அதனால் வெளியே பணம் கட்டி முழு எஃப்.ஐ. வகுப்புக்குப் போவதைவிட, விற்பனையிலும் ஸ்டோர்ஸிலும் கணக்குப் பதிவு பிறக்கும் நான்கைந்து படிகளை அந்தந்தப் பிரிவின் கீ யூசர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வது இந்த மூன்று மாதங்களில் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. வேறு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் சான்றிதழைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கையெழுத்துக்கு வருகிறேன். ஐட்டம், டீலர் விவரங்களில் ஒரு தவறு, அதன்மீது பிறக்கும் ஒவ்வொரு ஆவணத்திலும் திரும்பத் திரும்ப வரும். மதுரை டீலரின் மாநிலத்தைக் கேரளா என்று யாரோ பதிந்துவிட்டால், அமைப்பு சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.க்குப் பதில் 36,000-ஐயும் வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி.யாகப் போடும், சரியான வரியைத் தனியாகக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டிவரும். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும் என்பதால் இதைப் பிடிப்பது எளிது. மாநிலம் தமிழ்நாடு என்று இருந்து எண் 33-இல் தொடங்காதவற்றையும், 33-இல் தொடங்கி மாநிலம் வேறாக இருப்பவற்றையும் வடிகட்டினாலே போதும். ஆனால் ஒரு பம்புக்கு 1.2 கிலோ கம்பி போகிறதா, 1.4 போகிறதா என்பதை நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. வரி தவறிப்போனால் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியது பதிவு பெற்ற நிறுவனம்தான். இந்தக் கையெழுத்து நிறுவனத்துக்குள் யார் பார்த்தார் என்பதற்கான சான்று. அப்படியிருக்க, பார்க்காததைப் பார்த்ததாக எழுதித் தருவதில் யாருக்கும் பயனில்லை. ஐட்டத்தின் வரி வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண், வரி விகிதம், தொடங்கும் அடக்கவிலை, டீலரின் ஜி.எஸ்.டி. எண், மாநிலம், கடன் வரம்பு, பழைய நிலுவை ஆகியவற்றுக்கு நீங்கள் கையெழுத்திடுங்கள். பொருள் பட்டியலும் அளவும் உற்பத்தி மேலாளருக்கு, அலகுகளும் தொடக்க இருப்பும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு என்று தாளைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் பகுதியிலும் எல்லா வரியையும் பார்க்க நேரம் இல்லையென்றால், கையெழுத்துக்குமேல் எந்தத் தேதியிட்ட கோப்பு, மொத்தம் எத்தனை டீலர்கள், அதில் எத்தனை பேரைப் பழைய லெட்ஜரோடு ஒப்பிட்டீர்கள் என்பதை உங்கள் கைப்பட எழுதி, அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.